படம் தராத வடிவியல் கணக்கில் கோணம் கண்டு காரணம் எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒரு கணக்கைச் சுற்றியே வருகின்றன. முதலில் ஒரு தாளில் இதை எழுதிக்கொள்ளுங்கள்.

O-வை மையமாகக் கொண்ட வட்டத்தில் AB ஒரு விட்டம். C என்பது வட்டத்தின் மேல் உள்ள ஒரு புள்ளி. C-இல் வரைந்த தொடுகோடு, B வழியாக நீட்டிய AB-ஐ T-இல் சந்திக்கிறது. ∠CAB = 28° எனில், (அ) ∠OCA, (ஆ) ∠COB, (இ) ∠CTB, (ஈ) ∠BCT ஆகியவற்றைக் காரணத்துடன் காண்க.

படமே கொடுக்கவில்லை. எங்கே ஆரம்பித்து வரைவது?

கணக்கில் வாக்கியங்கள் வரும் வரிசையிலேயே வரையுங்கள், ஆனால் ஒரு கோடு போடும் முன் முழுக் கணக்கையும் ஒருமுறை படித்துவிடுங்கள். இங்கே வட்டம், மையம் O, கிடைமட்டமாக விட்டம் AB என்று தொடங்கலாம். A இடப்பக்கம், B வலப்பக்கம் இருக்கட்டும். "B வழியாக நீட்டிய" என்று சொல்லியிருப்பதால் T, B-க்கு அப்பால் வலப்பக்கம் வரும். ஆகவே தாளில் வலப்பக்கம் இடம் விட்டு வட்டத்தைச் சற்று இடப்பக்கமாகப் போடுவது நல்லது. நேர்கோட்டில் புள்ளிகளின் வரிசை A, O, B, T.

அடுத்தது C. இங்கேதான் பல படங்கள் கெடுகின்றன. C-ஐ O-க்கு நேர் மேலே வைத்தால் அங்கே வரையும் தொடுகோடு AB-க்கு இணையாகப் போய்விடும், T என்ற புள்ளியே கிடைக்காது. C-ஐ A பக்கம் சாய்த்து வைத்தால் தொடுகோடு AB-ஐ A-க்கு அப்பால்தான் வெட்டும். எனவே C, B பக்கத்து அரைப்பகுதியில்தான் இருக்க வேண்டும். இதைக் கணக்கு நேரடியாகச் சொல்லவில்லை. T எங்கே இருக்கிறது என்பதிலிருந்து நாமே தெரிந்துகொள்கிறோம்.

தொடுகோட்டைக் கண்ணால் மதிப்பிட்டு வரையாதீர்கள். முதலில் OC என்ற ஆரத்தைச் சேருங்கள், பிறகு C-இல் அதற்குச் செங்குத்தாகக் கோடு போடுங்கள். அது தானாக வட்டத்தைத் தொட்டு நிற்கும், தேவையான இடத்தில் AB-இன் நீட்சியையும் வெட்டும்.

கடைசியாக, எந்தக் கோடுகளைச் சேர்க்க வேண்டும் என்பதைக் கேட்கப்பட்ட கோணங்களே சொல்லிவிடும். ∠BCT கேட்டிருக்கிறார்கள் என்றால் BC என்ற கோடு படத்தில் இருந்தாக வேண்டும். ∠OCA கேட்டிருப்பதால் AC, OC இரண்டும் வேண்டும். இவற்றைச் சேர்த்த பிறகு தரவுகளைக் குறியுங்கள்: A-இல் 28°, OA, OB, OC மூன்றின் மேலும் ஒரே மாதிரிச் சிறுகோடு, ∠OCT-இல் செங்கோணக் குறி. கணக்கில் தராத, காரணம் சொல்ல முடியாத எதையும் குறிக்காதீர்கள்.

28° என்று கோணமானி வைத்துச் சரியாக வரைந்தால் விடையை அளந்தே எழுதலாமே?

∠CTB-ஐ அளந்து பார்த்தால் சரியான விடையான 34°-க்குப் பக்கத்தில் 33° அல்லது 35° என்று ஏதாவது வரும். அதற்குக் காரணமாக எழுத ஒன்றும் இருக்காது. "படத்திலிருந்து" என்பதை எந்தத் திருத்துநரும் காரணமாக ஏற்க மாட்டார்.

இந்தக் கணக்கில் சரியான அளவுக்கு வரைவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 28° என்பது 30°-க்கு மிக அருகில் உள்ளது. ∠CAB சரியாக 30° ஆக இருந்தால் முக்கோணம் OBC சமபக்க முக்கோணமாகிவிடும், CA = CT ஆகிவிடும், B என்பது OT-இன் நடுப்புள்ளியாகிவிடும். 28°-க்கு வரைந்த படத்தில் இவை எல்லாமே உண்மை போலத் தோன்றும். OB = BC என்று கண்ணால் கண்டு எழுதி, ∠COB = 60° என்று முடிப்பவர்கள் ஏராளம். உண்மையில் அந்த முக்கோணத்தின் கோணங்கள் 56°, 62°, 62°.

ஆகவே படத்தை வேண்டுமென்றே கொஞ்சம் மாற்றி வரையச் சொல்வோம். A-இல் ஏறத்தாழ 20° இருக்கும்படி வரைந்து, அதன் மேல் 28° என்று எழுதிக்கொள்ளுங்கள். அப்போது சமமில்லாத பக்கங்கள் சமமில்லாமலே தெரியும். முக்கோணம் என்று மட்டும் சொன்ன கணக்கில் இருசமபக்கமாகவோ செங்கோணமாகவோ வரையாமல் இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

முழு விடை எழுதினால் எப்படி இருக்கும்?

ஒரு வரியில் ஒரு கூற்று, அதே வரியில் அதற்கான காரணம். மேலே உள்ள கணக்குக்கு இப்படி எழுதலாம்.

(அ) OA = OC (ஒரே வட்டத்தின் ஆரங்கள்)
∠OCA = ∠OAC = 28° (முக்கோணம் OAC-இல் சம பக்கங்களுக்கு எதிரே உள்ள கோணங்கள் சமம்)

(ஆ) ∠COB = ∠OAC + ∠OCA (முக்கோணம் OAC-இன் வெளிக்கோணம், உள்ளெதிர்க் கோணங்களின் கூடுதலுக்குச் சமம்)
= 28° + 28° = 56°

(இ) ∠OCT = 90° (தொடுபுள்ளிக்கு வரைந்த ஆரம் தொடுகோட்டுக்குச் செங்குத்து)
∠CTO = 180° − 90° − 56° = 34° (முக்கோணம் OCT-இன் கோணங்களின் கூடுதல் 180°)
O, B, T ஒரே கோட்டில் இருப்பதால் ∠CTB = ∠CTO = 34°

(ஈ) ∠ACB = 90° (அரைவட்டத்தில் அமைந்த கோணம், AB விட்டம்)
∠OCB = 90° − 28° = 62° (O, AB-இன் மேல் இருப்பதால் ∠ACB = ∠ACO + ∠OCB)
∠BCT = 90° − 62° = 28° (B, OT-இன் மேல் இருப்பதால் ∠OCT = ∠OCB + ∠BCT)

(ஆ)-வில் இன்னொரு காரணமும் செல்லும்: BC என்ற வில் மையத்தில் தாங்கும் கோணம், பரிதியில் தாங்கும் கோணத்தைப் போல் இரு மடங்கு. இரண்டில் ஒன்று போதும். இரண்டையும் எழுதினால் மதிப்பெண் கூடாது, ஒன்று தவறாக இருந்தால் குறையலாம்.

(இ)-யின் கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கேட்டது ∠CTB, நாம் கண்டது ∠CTO. இரண்டும் ஒரே கோணம்தான், ஆனால் ஏன் ஒன்று என்பதைச் சொல்ல அந்த ஒரு வரி வேண்டும்.

"இருசமபக்க முக்கோணம்" என்று காரணம் எழுதினேன், மதிப்பெண் போடவில்லை. ஏன்?

இருசமபக்கம் என்பதற்கே காரணம் தேவைப்படுகிறது. முக்கோணம் OAC இருசமபக்கம் என்று கணக்கில் எங்கும் தரவில்லை. OA, OC இரண்டும் ஆரங்கள் என்பதால்தான் அது இருசமபக்கம் ஆகிறது. அந்தச் சொல் உங்கள் விடையில் வராவிட்டால், படத்தைப் பார்த்து ஊகித்தீர்களா, தெரிந்து எழுதினீர்களா என்று திருத்துநருக்குத் தெரிய வழியில்லை.

நல்ல காரணத்தில் இரண்டு செய்திகள் இருக்கும். ஒன்று, எந்தத் தேற்றம். இன்னொன்று, அந்தத் தேற்றம் கேட்கும் நிபந்தனை இந்தப் படத்தில் எங்கே நிறைவேறுகிறது. "அரைவட்டக் கோணம்" என்பது தேற்றம், "AB விட்டம்" என்பது நிபந்தனை. "ஒன்றுவிட்ட கோணங்கள்" என்பது தேற்றத்தின் பெயர், "PQ ∥ RS" என்பது நிபந்தனை. நிபந்தனை கணக்கிலேயே தரப்பட்டிருந்தால் அதை அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்லாகக் குறித்தால் போதும். நீங்களே கண்டுபிடித்தது என்றால் அதற்குத் தனி வரி வேண்டும்.

இருசமபக்கத்தில் இன்னொரு பிழையும் அடிக்கடி வருகிறது: சமமான இரண்டு கோணங்கள் எவை என்பதிலேயே குழப்பம். OA = OC என்றால் சமமாவது அந்தப் பக்கங்களுக்கு எதிரே உள்ள கோணங்கள். OA-க்கு எதிரே உள்ளது C-இல் உள்ள கோணம், OC-க்கு எதிரே உள்ளது A-இல் உள்ள கோணம். இரு சமபக்கங்களும் சந்திக்கும் O-இல் உள்ள கோணம் இந்தச் சமத்தில் சேராது. ∠AOC = 28° என்று எழுதியவர்களின் தவறு இதுதான். அதன் உண்மையான அளவு 124°.

∠BCT-க்கு ஒரே வரியில் விடை வரும் என்கிறார்களே?

வரும். தொடுகோட்டுக்கும் தொடுபுள்ளி வழியாகச் செல்லும் நாணுக்கும் இடைப்பட்ட கோணம், ஒன்றுவிட்ட வட்டத்துண்டில் அந்த நாண் தாங்கும் கோணத்துக்குச் சமம். இங்கே தொடுபுள்ளி C, நாண் CB. ∠BCT, அந்த நாணுக்கு T இருக்கும் பக்கம் உள்ளது. மறுபக்கத்து வட்டத்துண்டில் A இருக்கிறது. எனவே ∠BCT = ∠CAB = 28°.

"ஒன்றுவிட்ட" துண்டு எது என்பதில்தான் தடுமாற்றம் வரும். நாணை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்து, கோணம் அதன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். அதற்கு மறுபக்கத்தில் வட்டத்தின் மேல் உள்ள புள்ளியில் அந்த நாண் தாங்கும் கோணமே நமக்கு வேண்டியது. நாண் CA-ஐ எடுத்தால் துண்டு மாறிவிடும்: தொடுகோட்டை T-க்கு எதிர்த்திசையில் P வரை நீட்டினால் ∠ACP = ∠ABC = 62°. இந்த இரண்டையும் மாற்றி எழுதுவது சகஜமான பிழை.

கணக்கில் "இதிலிருந்து" அல்லது "மேற்கண்ட விடையைப் பயன்படுத்தி" என்று இருந்தால் குறுக்கு வழி உதவாது. முந்தைய பகுதியின் விடை உங்கள் வரிகளில் பயன்பட்டிருக்க வேண்டும்.

மையக்கோணம் 130° என்றால் பரிதியில் 65° தானே? விடை 115° என்று போட்டிருக்கிறார்கள்.

இரண்டும் சரியாக இருக்கலாம். புள்ளி எந்த வில்லில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

O மையம், A, B வட்டத்தின் மேல் உள்ள புள்ளிகள், ∠AOB = 130° என்று வையுங்கள். C பெரிய வில்லில் இருந்தால், சிறிய வில் AB அதற்கு எதிரே இருக்கிறது. அது மையத்தில் தாங்குவது 130°, ஆகவே ∠ACB = 65°. C சிறிய வில்லின் மேலேயே இருந்தால், அதற்கு எதிரே இருப்பது பெரிய வில். அது மையத்தில் தாங்குவது 360° − 130° = 230° என்ற பின்வளை கோணம். அதில் பாதி 115°. இந்த இரண்டு விடைகளின் கூடுதல் 180° என்பதையும் கவனியுங்கள். A, B, C-இன் இரண்டு நிலைகள் ஆகிய நான்கு புள்ளிகளும் வட்ட நாற்கரம் ஆவதால் அது அப்படித்தான் இருக்கும்.

படம் தராத கணக்குகளில் "சிறிய வில்லின் மேல்" என்ற மூன்று சொற்களுக்காகவே முழுக் கணக்கும் அமைந்திருக்கும். அதைப் படிக்காமல் தாண்டினால், தேற்றம் சரியாகத் தெரிந்தும் விடை தவறும். விரிகோணமாக வர வேண்டிய இடத்தில் குறுங்கோணம் வந்துவிட்டதா என்று படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

"BC-ஐ D வரை நீட்டுக" என்பதும் "CB-ஐ D வரை நீட்டுக" என்பதும் ஒன்றா?

இல்லை. முதலாவதில் B-இலிருந்து C வழியாகப் போய் அதற்கு அப்பால் D. இரண்டாவதில் D, B-க்கு அப்பால். அதேபோல் "ABCD ஒரு வட்ட நாற்கரம்" என்றால் புள்ளிகள் வட்டத்தைச் சுற்றி அதே வரிசையில் வர வேண்டும். எதிர்க்கோணங்கள் A-யும் C-யும், B-யும் D-யும்.

இணைகோடு வரும்போது எந்தக் காரணம் எப்போது? "ஒன்றுவிட்ட கோணங்கள் சமம், ஆகவே இணை" என்றும் பார்க்கிறேன், "இணை, ஆகவே சமம்" என்றும் பார்க்கிறேன்.

அவை இரண்டு வெவ்வேறு கூற்றுகள். கோடுகள் இணை என்று தரப்பட்டிருந்தால் அதிலிருந்து கோணச் சமத்துக்குப் போகலாம். கோணங்கள் சமம் என்று வேறு வழியில் கண்டிருந்தால் அதிலிருந்து இணைக்குப் போகலாம். யூக்ளிட் இவற்றைத் தனித்தனித் தேற்றங்களாகவே நிறுவினார்: "எலிமெண்ட்ஸ்" முதல் புத்தகத்தில் கோணச் சமத்திலிருந்து இணைக்குப் போவது 27-ஆவது, இணையிலிருந்து கோணச் சமத்துக்குப் போவது 29-ஆவது.

நம் கணக்கிலேயே ஒரு பகுதியைச் சேர்த்துப் பார்ப்போம். A வழியாக OC-க்கு இணையாக வரைந்த கோடு, நீட்டிய TC-ஐ P-இல் சந்திக்கிறது. AC என்பது ∠PAB-ஐ இருசமக்கூறிடுகிறது எனக் காட்டுக.

∠PAC = ∠OCA (AP ∥ OC, குறுக்குவெட்டி AC, ஒன்றுவிட்ட கோணங்கள்)
∠OCA = ∠OAC (OA = OC ஆரங்கள், சம பக்கங்களுக்கு எதிரே உள்ள கோணங்கள்)
எனவே ∠PAC = ∠OAC = ∠CAB (O, AB-இன் மேல் உள்ளது). AC, ∠PAB-ஐ இருசமக்கூறிடுகிறது.

இதில் 28° வரவே இல்லை. "எனக் காட்டுக" என்ற கணக்கில் எண்ணைப் பயன்படுத்தாமல் முடிக்க முடிந்தால் அதுவே நல்லது.

இப்போது அதே படத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள் என்று வையுங்கள்: AC, ∠PAB-ஐ இருசமக்கூறிடுகிறது என்பது தரவு, AP ∥ OC எனக் காட்ட வேண்டும். இங்கே முதல் வரியிலேயே "ஒன்றுவிட்ட கோணங்கள்" என்று எழுதி ∠PAC = ∠OCA என்றால், காட்ட வேண்டியதையே எடுத்துக்கொண்டதாகிவிடும். சரியான வரிசை: ∠PAC = ∠CAB (தரவு), ∠CAB = ∠OCA (OA = OC), ஆகவே ∠PAC = ∠OCA. இவை குறுக்குவெட்டி AC-இன் ஒன்றுவிட்ட கோணங்கள், சமமாக இருப்பதால் AP ∥ OC. அதே மூன்று செய்திகள்தான், ஆனால் இணை என்பது கடைசி வரியில் மட்டுமே வருகிறது.

இணைகோட்டுக் காரணம் எழுதும்போது குறுக்குவெட்டியின் பெயரையும் சேருங்கள். ஒரே படத்தில் இரண்டு மூன்று குறுக்குவெட்டிகள் இருக்கும்போது எந்தச் சோடியைச் சொல்கிறீர்கள் என்பது அதில்தான் தெரியும்.

28°-க்குப் பதில் x° என்று கொடுத்தால்?

காரணங்களில் ஒரு சொல்லும் மாறாது. ∠OCA = x, ∠COB = 2x, ∠CTB = 180° − 90° − 2x = 90° − 2x, ∠BCT = 90° − (90° − x) = x. கழிக்கும்போது அடைப்புக்குறி போட மறந்து கடைசியில் −x என்று முடிப்பதுதான் இங்கே நடக்கும் பிழை.

90° − 2x என்ற விடை, படத்தைப் பற்றி ஒன்று சொல்கிறது. அது நேர்மமாக இருக்க வேண்டுமானால் x, 45°-ஐ விடக் குறைவாக இருக்க வேண்டும். x = 45° என்றால் C, O-க்கு நேர் மேலே, தொடுகோடு இணை, T இல்லை. முதல் பதிலில் C-ஐ எங்கே வைக்க வேண்டும் என்று படத்திலிருந்து சொன்னது இங்கே இயற்கணிதமாக வந்து நிற்கிறது.

விடை சரியா என்று எப்படிச் சோதிப்பது?

விடையில் பயன்படுத்தாத ஒரு முக்கோணத்தை எடுங்கள். இங்கே BCT பொருத்தம். ∠ABC = 62° (முக்கோணம் ABC-இல் 180° − 90° − 28°). எனவே ∠CBT = 180° − 62° = 118° (நேரிய கோண இணை). கண்ட விடைகளைச் சேர்த்தால் 118° + 28° + 34° = 180°.

∠CBT-ஐ 180°-இலிருந்து மற்ற இரண்டையும் கழித்துக் கண்டால் இது சோதனையே ஆகாது. எந்தத் தவறான விடைக்கும் கூடுதல் 180° வந்துவிடும். அதை A, B பக்கமிருந்து தனியாகக் காண வேண்டும். உதாரணமாக யாராவது ∠COB = 62° என்று தவறாகக் கண்டிருந்தால் ∠CTB = 28° ஆகும். அப்போது கூடுதல் 118° + 28° + 28° = 174°. ஆறு பாகை குறைவதால், பிழை (ஆ)-விலோ (இ)-யிலோ இருக்கிறது என்று தேடலாம்.

எண்கள் சரியாக வருவதை மட்டுமே இந்தச் சோதனை காட்டும். காரணம் விடுபட்டிருந்தாலோ, தொடுகோட்டுக் காரணம் எழுத வேண்டிய இடத்தில் அரைவட்டக் காரணம் எழுதியிருந்தாலோ இதில் தெரியாது. இரண்டும் 90° தான் தரும், ஒன்று ∠OCT, மற்றொன்று ∠ACB. அதற்கு, ஒவ்வொரு வரியின் அடைப்புக்குறியையும் மட்டும் தனியாக மேலிருந்து கீழ்வரை படித்து, அதில் சொன்ன நிபந்தனை கணக்கின் எந்தச் சொல்லில் அல்லது மேலே உள்ள எந்த வரியில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.